நகை தந்த கடைக்கும் கூட நின்றவர்களுக்கும் நன்றி

அன்புள்ள எல்லோருக்கும்,

ஆடிக் கடைசியில் எங்கள் பார்லர் நடத்திய மணப்பெண் அலங்காரக் காட்சி நல்லபடியாக முடிந்தது. முதல் நன்றி, மதுரை தெற்கு ஆவணி மூல வீதியில் கடை வைத்திருக்கும் நகைக்கடை ஐயாவுக்கு. முன்பின் பழக்கமில்லாத ஒரு பார்லர்க்காரியின் கடிதத்தை நம்பி, ஒரு சாயங்காலத்துக்குத் தங்க நகைகளைக் கொடுத்தாரே!

அந்தக் கடிதத்துக்கு உருவம் கொடுத்தது எங்கள் கணக்கு பார்க்கும் தம்பி. "பணமாகக் கேட்காதீங்க அக்கா, நகையாகக் கேளுங்க. ஆடிப்பெருக்கு முடிந்தால் கடையில் கூட்டம் இருக்காது. ஆவணி முகூர்த்தத்துக்குப் பெண் வீட்டார் அலைவதும் அப்போதுதான். அதை முதல் வரியிலேயே எழுதுங்க" என்றான். அப்படியே எழுதினேன். நெற்றிச்சுட்டி, ஜடைநாகம், வங்கி, ஒட்டியாணம் என்று எந்தப் பெண்ணுக்கு எது வேண்டும் என்பதையும், யார் பொறுப்பில் இருக்கும், எத்தனை மணிக்குத் திரும்பும் என்பதையும் குறித்தேன். மேடைத் தட்டியில் கடைப் பெயர், வாசலில் ஒரு மேஜை, விருப்பப்பட்டு எழுதிக் கொடுப்பவர்களின் போன் நம்பர், இவ்வளவுதான் நாங்கள் தருவதாகச் சொன்னது. மண்டபத்தில் விற்பனை கிடையாது. செய்கூலி, சேதாரப் பேச்செல்லாம் கடையில்தான்.

ஐயா படித்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "கெம்புக் கல்லில் ஸ்ப்ரே படுமா?" நியாயமான கேள்வி. கல்லுக்கு அடியில் இருக்கும் தாளில் ஈரம் இறங்கினால் நிறம் மங்கிவிடும், முத்துக்கும் அது ஆகாது. மேக்கப்பும் ஸ்ப்ரேயும் முடிந்து நன்றாகக் காய்ந்த பிறகுதான் நகை பூட்டுவோம் என்று அங்கேயே கடிதத்தின் அடியில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதற்கப்புறமும் அவர் உடனே தரவில்லை. கடைக்கு வெளியே போகும் நகைக்குத் தன் காப்பீடு செல்லும் என்று எழுத்தில் வாங்கின பிறகே, எடை குறித்த டெலிவரி சலானோடு அனுப்பினார். அந்தக் கறார் எனக்குப் பிடித்திருந்தது.

தராசோடு கூடவே வந்த கடை அக்காவுக்குத் தனி நன்றி. திரும்பக் கொடுக்கும்போது ஒரு ஜிமிக்கி ஜோடி சில நூறு மில்லி குறைந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. அக்கா பதறவே இல்லை. "திருகாணியாத்தான் இருக்கும், பூவைப் பாருங்க" என்றார். அவிழ்த்துப் போட்ட மல்லிகைச் சரத்துக்குள் கிடந்தது திருகாணி. மறுபடி எடை போட்டார், சரியாக வந்தது. அதன்பிறகே சலானில் கையெழுத்துப் போட்டார்.

மணப்பெண்ணாக நின்ற தங்கச்சிகளுக்கும், கடைசி நேரத்தில் ஜடைப்பூ கட்டித் தந்த பூக்கார அம்மாவுக்கும், வாடகையைக் குறைத்துக்கொண்ட மண்டபத்தாருக்கும் நன்றி. தங்கச்சிகளே, போட்டோக்கள் வந்துவிட்டன, வந்து வாங்கிக்கொள்ளுங்கள். வேறு பார்லர் அக்காமார் யாருக்காவது கடிதத்தின் நகல் வேண்டுமென்றால் தருகிறேன். செவ்வாய்க்கிழமை மட்டும் வராதீர்கள், பார்லர் லீவு.

அன்புடன்,
பார்லர் அக்கா