சான்றிதழ் முதலில், வரியில்லாத பில் பிறகு

நியூயார்க் நகரில் இலாப நோக்கற்ற அமைப்புகளை நடத்தும் தலைவர், செயலாளர், பொருளாளர் அவர்களுக்கு,

வணக்கம். குயின்ஸில் அச்சகம் நடத்தும் நான், உங்கள் விழாக்களுக்குப் பதாகைகளும் மலர்களும் அச்சிட்டுத் தருபவன். சென்ற வாரம் ஒரு பொருளாளர், "நாங்கள் 501(c)(3), வரி போடாதீர்கள்" என்று ஐ.ஆர்.எஸ். கடிதத்தின் படத்தை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு, விற்பனை வரி விலக்குச் சான்றிதழ் கேட்டதற்கு வருத்தப்பட்டார். அதனால்தான் இந்த மடல்.

அந்தக் கடிதம் கூட்டரசின் வருமான வரிக்கானது. விற்பனை வரியை வசூலிப்பது மாநிலம். அதற்கு மாநிலம் தரும் விலக்கு எண் வேண்டும். அந்த எண்ணை எழுதி, பொறுப்பாளர் ஒருவர் கையொப்பமிட்ட ST-119.1 படிவம்தான் நான் கேட்கும் சான்றிதழ்; அது என் கைக்கு வந்தால்தான் நான் வரியை விட முடியும். எண் இல்லாதவர்கள் ST-119.2 படிவத்தில் விண்ணப்பிக்கலாம்.

இவ்வளவு கறாராக நான் பிறக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அமைப்புக்கு 4,800 டாலருக்கு வரியில்லாமல் பில் போட்டேன். 8.875 விழுக்காட்டில் 426 டாலர் வரி. தெரிந்தவர்கள்தானே என்று விட்டுவிட்டேன். பிறகு மாநிலத் தணிக்கையாளர் வந்து அந்தப் பில்லை எடுத்துச் சான்றிதழ் எங்கே என்று கேட்டபோது, கோப்பில் இருந்தது ஐ.ஆர்.எஸ். கடிதம் மட்டுமே. பொருள் கொடுத்த 90 நாளுக்குள் முறையான படிவம் வந்திருந்தால் அதை நம்பி விற்றேன் என்று சொல்லியிருக்கலாம். அதன்பின் விலக்கை நிரூபிக்கும் சுமை என்மீதும் விழுந்துவிட்டது. அமைப்பைத் தொலைபேசியில் அழைத்தால், பழைய பொருளாளர் ஊர் மாறிவிட்டார், புதியவரோ "எங்கள் காலத்தில் நடந்ததில்லை" என்றார். 426 டாலரும் அதன்மேல் வட்டியும் என் பையிலிருந்து போயின. அந்த ஆண்டு விழா மலரில் நன்கொடையாளர் பட்டியலில் என் பெயரைச் சேர்த்திருக்கலாம், சேர்க்கவில்லை.

இன்னொன்று. சான்றிதழ் கொடுத்துவிட்டு, உறுப்பினர் ஒருவரின் சொந்தக் கடன் அட்டையில் பணம் கட்டுகிறீர்கள். வாங்குபவரும் பணம் செலுத்துபவரும் அமைப்பாகவே இருக்க வேண்டும்; பிறகு அவருக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்பது இங்கே செல்லாது. அமைப்பின் காசோலையோ அட்டையோதான் வேண்டும்.

"முந்தைய அச்சகத்தார் கேட்டதே இல்லை" என்கிறீர்கள். அவர் கேட்காதது அவர் பாடு. என்மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்பவர்களுக்கும் சொல்கிறேன்: நம்பிக்கையைக் கோப்பில் வைத்துத் தணிக்கையாளரிடம் காட்ட முடியவில்லை.

ஆகவே மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். ஆர்டர் கொடுக்கும்போதே, நான் பில் போடுவதற்கு முன்பாக, நிரப்பிக் கையொப்பமிட்ட ST-119.1 படிவத்தை அனுப்பிவையுங்கள். வராவிட்டால் வரியோடுதான் பில் வரும். 90 நாளுக்குள் படிவம் வந்தால் வாங்கிய வரியைத் திருப்பித் தருகிறேன். அடுத்த மாத ஆண்டு விழாப் பதாகைகளுக்குச் சொல்லியிருப்பவர்கள் இந்த வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவைக்கும்படி அன்புடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அச்சகத்தார்