முடியின் போக்கிலேயே பிரஷ் போகட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் வந்த ரீடச்சிங் கட்டுரையில், படத்தில் தட்டையாகத் தெரியும் மெல்லிய முடிக்கு ஒரே வரியில் வழி சொல்லியிருந்தார்கள்: பெரிய, மென்மையான பிரஷ்ஷால் உச்சந்தலையை டாட்ஜ் செய்து வெளுத்தால் போதும் என்று. பல வருடங்களாக உருவப்படங்களில் இந்த வேலையைச் செய்து வருகிறேன். அந்த ஒரு வரியை என்னால் ஏற்க முடியவில்லை. அப்படிச் செய்தால் முடி அடர்த்தியாகாது, தலைமேல் புகை படிந்தது போலத்தான் இருக்கும்.

முடி தட்டையாகத் தெரிவதற்கு வெளிச்சக் குறைவு காரணமில்லை. வெளிச்சம் நேர் எதிரிலிருந்து விழும்போது கற்றைகளுக்கு நடுவே நிழல் இருக்காது. ஒரு கற்றை முன்னால் இருக்கிறது, இன்னொன்று அதன் பின்னால் ஒளிந்திருக்கிறது என்பதைக் கண் அந்த நிழலை வைத்துத்தான் புரிந்துகொள்கிறது. அதனால் முதலில் பர்ன் செய்து அந்த இடைவெளிகளை இருட்ட வேண்டும், அப்புறம்தான் டாட்ஜ்.

அண்மையில் செய்த ஒரு படத்தைச் சொல்கிறேன். காய்ச்சலுக்குப் பிறகு முடி நிறையக் கொட்டிப்போன ஒரு பெண்மணி. தோள் வரை முடி, நடு வகிடு, முகத்துக்கு நேரே ஃபிளாஷ். போட்டோஷாப்பில் ஒரு புது லேயரை 50% சாம்பல் நிறத்தால் நிரப்பி, அதன் Blend Mode-ஐ Soft Light-க்கு மாற்றினேன். இப்படி வைத்தால் சாம்பல் கண்ணுக்குத் தெரியாது. அதன்மேல் கறுப்பு பூசினால் படம் இருளும், வெள்ளை பூசினால் வெளுக்கும். பிரஷ்ஷுக்கு Hardness 0, Flow 3%. பேனாவை அழுத்துவதற்கு ஏற்பக் கோடு தடிக்கும்படி வைத்துக்கொண்டேன்.

கற்றைகளை நானாகக் கற்பனை செய்யவில்லை. உற்றுப் பார்த்தால் மங்கலான பிரிவுகள் படத்திலேயே இருக்கும். அவருக்கு இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் ஐந்து இருந்தன. ஒவ்வொரு பிரிவிலும் வேரில் தொடங்கி நுனியை நோக்கி, முடி வளைகிற இடத்தில் கையும் வளைந்து, கறுப்பை மூன்று நான்கு தடவை மெல்ல இழுத்தேன். குறுக்கே ஒரு கோடுகூடப் போகவில்லை. அதன் பிறகு கற்றையின் முதுகுக்கு வெள்ளை. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். வேரிலிருந்து நுனிவரை ஒரே சீராக வெளுத்தால் முடி நாடா மாதிரி ஆகிவிடும். வகிட்டை ஒட்டிய வேர் இருண்டே இருக்க வேண்டும். அங்கிருந்து எழும்பி, வளைவு உச்சிக்கு வரும் இடத்தில் வெளுப்பு கூடி, கீழே இறங்க இறங்க மறுபடி அடங்க வேண்டும். முடி தலையோடு ஒட்டிக்கிடக்கவில்லை, தூக்கி நிற்கிறது என்று தோன்றுவது இதனால்தான்.

கடைசியாக 2, 3 பிக்சல் பிரஷ்ஷில் தனித்தனி இழைகள். அவை ஒன்றுபோல் ஒன்று இருக்கக் கூடாது. எல்லா மினுமினுப்பும் ஒரே உயரத்தில் வரிசை கட்டினால் பிளாஸ்டிக் விக் வைத்தது போலாகிவிடும். படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும்.

வகிடு தனிச் சிக்கல். தெரிகிற தோலை அப்படியே பர்ன் செய்தால் அழுக்குத் திட்டாக நிற்கும். முடி முளைக்கும் கோணத்திலேயே, முடியிலிருந்து தோலுக்குள் கொஞ்சம் நீளும்படி மெல்லிய கோடுகளை இரு பக்கமும் இழுத்தேன். வகிடு குறுகியது, நடுக்கோட்டை மட்டும் விட்டுவிட்டேன். இடைவெளி இன்னும் அகலமாக இருந்திருந்தால் இது பலித்திருக்காது. இல்லாத முடியைப் பர்ன் உண்டாக்காது. பக்கத்து முடியின் நிறத்தை எடுத்துத் தனி லேயரில் வரையத்தான் வேண்டும்.

இன்னொன்று, பர்ன் செய்த இடங்கள் சில சமயம் செம்மை ஏறித் தெரியும். அதன்மேல் ஒரு வெற்று லேயரை Color-இல் வைத்து, முடியின் நிறத்தையே லேசாகப் பூசினால் அடங்கிவிடும். முழுக் கறுப்பாகவே பதிவாகிவிட்ட முடியில் மட்டும் அந்தச் சாம்பல் லேயர் எதையும் செய்யாது. Soft Light-இல் எவ்வளவு வெள்ளை பூசினாலும் முழுக் கறுப்பு அசையாது. அது படம் எடுக்கும்போதே கவனித்திருக்க வேண்டிய விஷயம்.

ஒரு வேண்டுகோள். இந்தத் தலைப்பை மறுபடி எடுத்தால், முன்–பின் படங்களோடு அந்தச் சாம்பல் லேயரை மட்டும் Normal-இல் வைத்து அதையும் அச்சிடுங்கள். சீப்பு வாரிய தடம் போல அதில் கோடுகள் தெரிய வேண்டும். மேகத்திட்டுகள் தெரிந்தால் பிரஷ் முடியின் போக்கில் போகவில்லை என்று அர்த்தம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்