மூன்று 3 உள்ள பெட்டிக்கு முதல் பரிசு: சுடோகு நடுவர் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் சுடோகு போட்டி நடுவர் குழுவினருக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை நடந்தது உங்களுக்கே தெரியும் என்பதால் அதை முதலிலிருந்து விவரிக்கப் போவதில்லை. முதல் பரிசு பெற்ற தாளை நீங்களே அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறீர்கள். அதன் வலது கீழ்மூலைப் பெட்டியில் இப்படி இருக்கிறது:

```
6 3 8
5 3 6
9 3 2
```

ஒரே பெட்டிக்குள் மூன்று 3, இரண்டு 6. 1, 4, 7 ஆகிய மூன்றும் காணவில்லை. நடுவில் இருக்கும் 3, 3, 3 ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கிறது. கண்ணாடி போடாமலே எனக்குத் தெரிந்தது.

இதை முதலில் கண்டுபிடித்தது நானல்ல. எங்கள் எதிர்வீட்டில் ஏழாம் வகுப்பு படிக்கும் பெண். அவள் தாளில் அந்தப் பெட்டியின் கீழிரண்டு வரிகள் 5 2 7, 9 4 1 என்று இருந்தன. பாதியில் ஒரு தவறு தெரியவந்ததும், தாள் கிழிந்துவிடுமோ என்ற பயத்தோடு ரப்பரால் அழித்து, ஒரு மூலையை மறுபடி முதலிலிருந்து போட்டாள். அதில் 12 நிமிடம் போனது. முதலில் வரும் சரியான விடைக்கே பரிசு என்பது உங்கள் விதி. அவளுக்குக் கைதட்டல் மட்டும் கிடைத்தது. மாலையில் பலகையில் ஒட்டிய தாளைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்து, “தாத்தா, ஒரு பெட்டியில் மூன்று தடவை 3 வரலாமா?” என்று கேட்டாள். வரலாம் என்று யாராவது பெரியவர்கள் விதியை மாற்றிவிட்டார்களோ என்ற சந்தேகம் அவள் குரலில் இருந்தது. நான் என்ன பதில் சொல்வது?

உங்களிடம் வந்து கேட்டேன். “சார், ஒன்பது வரிசை, ஒன்பது நெடுவரிசை, ஒன்பது பெட்டி, ஆக 27 கூட்டலும் 45 வருகிறது, கால்குலேட்டரில் போட்டுப் பார்த்துவிட்டோம்” என்றீர்கள். நானும் போட்டுப் பார்த்தேன். உண்மைதான். அந்தத் தாளின் எட்டாவது வரிசை 4 9 6 1 8 3 5 3 6. கூட்டினால் 45. ஒன்பதாவது வரிசை 3 8 2 7 6 5 9 3 2. அதுவும் 45. இது எப்படி நேர்ந்தது என்பதைச் சற்றே பொறுமையாகக் கவனியுங்கள். சரியான விடையில் அந்த மூலையின் நான்கு கட்டங்கள் மேலே 2, 7, கீழே 4, 1. பரிசுத் தாளில் மேலே 3, 6, கீழே 3, 2. மேல்வரியில் ஒன்று கூடி, ஒன்று குறைந்திருக்கிறது. கீழ்வரியில் ஒன்று குறைந்து, ஒன்று கூடியிருக்கிறது. வரிசையின் மொத்தம் அசையவில்லை. நெடுவரிசையிலும் அப்படியே. நான்கும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் பெட்டியின் மொத்தமும் அசையவில்லை. நான்கு கட்டம் பிசகியும் 27 கூட்டலில் ஒன்றுகூடக் காட்டிக்கொடுக்கவில்லை. பரிசு பெற்ற நண்பர் வேண்டுமென்று செய்தார் என்று நான் சொல்லவில்லை. கடைசி நான்கு கட்டத்தில் மாட்டிக்கொண்டு, நேரமும் ஓடிக்கொண்டிருக்க, கணக்கைச் சரிக்கட்டியிருக்கலாம். நீங்கள் கூட்டித்தான் பார்ப்பீர்கள் என்பது குடியிருப்பு முழுக்கத் தெரிந்த ரகசியம்தானே.

வங்கியில் நான் காசாளராக இருந்தவன். மாலையில் ரொக்கத்தின் மொத்தம் ஒத்துப்போனால் மட்டும் யாரும் வீட்டுக்குப் போய்விட முடியாது. ஐந்நூறு எத்தனை, நூறு எத்தனை என்று தனித்தனியே ஒத்துப்போக வேண்டும். சுடோகுவின் விதியும் அதுதான். ஒவ்வொரு வரிசையிலும், நெடுவரிசையிலும், பெட்டியிலும் 1 முதல் 9 வரை ஒவ்வோர் எண்ணும் ஒரே ஒரு முறை வர வேண்டும். மொத்தம் 45 என்பது அதன் விளைவு, விதி அதுவன்று. 81 கட்டத்திலும் 5 என்று எழுதி ஒருவர் நீட்டினால், உங்கள் 27 கூட்டலும் 45 வரும். அவருக்கு என்ன பரிசு கொடுப்பீர்கள்?

அடுத்த மாதம் முதல் பெருக்கியும் பார்ப்பதாகச் சொன்னீர்கள். ஒன்று முதல் ஒன்பது வரை பெருக்கினால் 362880. அது வந்தால் தப்பே இருக்காதாம். 1, 2, 4, 4, 4, 5, 7, 9, 9 என்று ஒரு வரிசை வந்தால் அதைக் கூட்டிப் பாருங்கள், 45. பெருக்கிப் பாருங்கள், 362880. உள்ளே மூன்று 4, இரண்டு 9. 3, 6, 8 மூன்றும் கிடையாது. கால்குலேட்டருக்குப் புது பேட்டரி வாங்கும் செலவாவது சங்கத்துக்கு மிச்சமாகட்டும்.

மொத்தம் சரியாக இருந்தால் உள்ளே எதையும் பார்க்க வேண்டாம் என்ற பழக்கம் நம் சங்கத்துக்குப் புதிதில்லை. போன ஆண்டு வரவுசெலவுக் கணக்கில் ‘இதர செலவுகள்’ என்ற ஒரே வரியைப் படித்துவிட்டு எல்லோரும் கைதட்டினோம். மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவியது அந்த வரிக்குள் இருக்கிறதா என்று கேட்டவரைக் கூட்டத்தைக் குலைப்பவர் என்றார்கள். சரி, அதை ஆண்டுப் பொதுக்குழுவில் பேசிக்கொள்கிறேன். நான் கேட்க வந்தது சுடோகு.

என் வேண்டுகோள் ஒன்றே: கூட்டாதீர்கள், எண்ணிப் பாருங்கள். ஒரு துண்டுத் தாளில் 1 முதல் 9 வரை எழுதிக்கொள்ளுங்கள். வரிசையில் இடமிருந்து ஒவ்வோர் எண்ணாகப் படித்து, துண்டுத் தாளில் அந்த எண்ணை அடித்துக்கொண்டே போங்கள். ஏற்கெனவே அடித்த எண் மறுபடி வந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம், தாள் தவறு. கட்டம் ஒன்பது, எண்ணும் ஒன்பது. எதுவும் இரண்டாம் முறை வரவில்லையென்றால் எதுவும் விடுபடவும் முடியாது. பரிசுத் தாளின் எட்டாவது வரிசையில் 4, 9, 6, 1, 8, 3, 5 வரை சிக்கலில்லை. எட்டாவது கட்டத்தில் 3 வந்ததும் பென்சில் நின்றுவிடும்.

வரிசையையும் நெடுவரிசையையும் பார்த்துவிட்டுப் பெட்டிகளை விட்டுவிடவும் கூடாது. முதல் வரிசை 1 2 3 என்று தொடங்கி, அடுத்தது 2 3 4 என்று, அதற்கடுத்தது 3 4 5 என்று ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டே போனால் எல்லா வரிசையும் சரி, எல்லா நெடுவரிசையும் சரி. முதல் பெட்டியில் மட்டும் மூன்று 3 உட்கார்ந்திருக்கும்.

27 முறை அடித்துப் பார்க்க நேரமில்லை என்றால் ஒரு சலுகை உண்டு. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் மூன்று பெட்டிகளும் சரி, அவற்றைக் கடக்கும் மூன்று வரிசைகளில் இரண்டு சரி என்றால், மூன்றாவது தானாகவே சரியாகிவிடும். அந்த மூன்று பெட்டிகளிலும் சேர்த்து ஒவ்வோர் எண்ணும் மூன்று முறைதான் வந்திருக்கும், அதில் இரண்டை இரண்டு வரிசைகள் எடுத்துக்கொண்டன. இப்படி மூன்று வரிசைகளையும் மூன்று நெடுவரிசைகளையும் விட்டுவிடலாம். 21 பார்த்தால் போதும். நீங்கள் இப்போது போடும் 27 கூட்டலைவிட இது குறைவு. கூடவே, நீங்கள் அச்சிட்டுக் கொடுத்த எண்களை யாரும் மாற்றவில்லையே என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஆகவே தயவுசெய்து, போன வாரத் தாள்கள் எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்து முடிவை மறுபடி அறிவியுங்கள். கொடுத்த எவர்சில்வர் டப்பாவைத் திரும்ப வாங்கச் சொல்லி நான் கேட்கவில்லை. அந்தப் பெண்ணின் கேள்விக்கு நடுவர் குழுவின் பதிலைப் பலகையில், அதே தாளின் பக்கத்தில் எழுதி ஒட்டினால் போதும். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குப் படிப்பகத்தில் இருப்பேன். இரண்டு பென்சில் கொண்டுவருகிறேன். கூட உட்கார்ந்து பார்க்க அவளும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
இரண்டாம் தளத்து ஓய்வுபெற்ற காசாளர்