92 சதவீதம் என்று எழுதியிருக்கிறாயே

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதமும் அதனுடன் வைத்திருந்த இரண்டு பக்க ரெஸ்யூமும் வியாழக்கிழமை கிடைத்தன. பதினைந்து ஆண்டுகள் ஆயுள் காப்பீட்டு முகவராக அலைந்த பிறகு, புதிய முகவர்களைச் சேர்த்துப் பழக்கும் மேலாளர் வேலைக்கு மனுப்போடப் போகிறாய் என்பது எனக்கு நல்ல செய்திதான். முகவர்களைத் தேர்ந்தெடுக்கும் மேசையின் அந்தப் பக்கத்தில் நான் சில ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்பதால், மனத்தில் பட்டதை மறைக்காமல் எழுதுகிறேன்.

முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் ‘விற்ற பாலிசிகள் 612, புதுப்பித்தல் 92 சதவீதம்’ என்று இருக்கிறது. இதைப் பார்த்ததும் கிளை மேலாளர் யாராக இருந்தாலும் கேட்கும் முதல் கேள்வி, ‘எதில் 92?’ என்பதாகத்தான் இருக்கும். தொலைபேசியில் நீ சொன்னதிலிருந்து எனக்குப் புரிந்தது இதுதான்: இந்த ஆண்டு பிரீமியம் கட்ட வேண்டியவை என்று கிளையில் தந்த டியூ லிஸ்டில் 325 பாலிசிகள் இருந்தன, பச்சை மையால் நீ டிக் அடித்துக்கொண்டே வந்ததில் 299 பேர் பிரீமியம் கட்டிவிட்டார்கள், அதுதான் உன் 92. கணக்கில் பிழை இல்லை. ஆனால் டியூ லிஸ்டில் வருவதெல்லாம் இன்னும் உயிரோடு இருக்கும் பாலிசிகள் மட்டுமே. இரண்டாம் ஆண்டிலும் மூன்றாம் ஆண்டிலும் காலாவதியானவை அந்தப் பட்டியலிலிருந்து எப்போதோ உதிர்ந்துவிட்டன. அவற்றை யாரும் எண்ணுவதில்லை. நேர்காணலில் இருப்பவர்களுக்குத் தேவைப்படுவது அந்த உதிர்ந்தவற்றின் கணக்குதான்.

விற்றவற்றில் எத்தனை உதிராமல் நிற்கின்றன என்பதை நிறுவனங்கள் பெர்சிஸ்டென்சி என்கின்றன. பாலிசி எடுத்ததிலிருந்து 13, 25, 37, 49, 61 ஆகிய மாதங்களில் அளக்கின்றன. ஒரு குறிப்பிட்ட ஓராண்டில் விற்ற பாலிசிகளை மட்டும் தனியே எடுத்து, அவற்றில் எத்தனை அடுத்த ஆண்டுப் பிரீமியத்தையும் கட்டி நடப்பில் நிற்கின்றன என்று பார்ப்பதே 13ஆம் மாதக் கணக்கு. ஒரே தவணையில் கட்டி முடிக்கும் பாலிசிகளை இதில் கலக்கக் கூடாது. அவற்றுக்குப் புதுப்பித்தலே கிடையாது என்பதால் சதவீதத்தைப் பொய்யாக ஏற்றிவிடும்.

உன் பழைய நோட்டிலிருந்து நீ படித்துக் காட்டியவற்றை வைத்து நானே போட்டுப் பார்த்தேன். 2022 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை 48 பாலிசிகள் விற்றிருக்கிறாய். அதில் 4 ஒற்றைத் தவணை, மீதி 44. கடைசியாக மார்ச்சில் விற்றவற்றுக்கும் கருணைக் காலமான ஒரு மாதம் விட்டு, 2024 ஏப்ரல் இறுதியில் பார்த்தால் நடப்பில் இருப்பவை 37. அதாவது 84 சதவீதம். இதையே பிரீமியத் தொகையில் போட்டால் படம் மாறுகிறது. 44 பாலிசிகளின் ஆண்டுப் பிரீமியம் 11,20,000 ரூபாய். விழுந்த ஏழில் ஆறு சிறியவை, சேர்த்து 62,000. ஏழாவது அந்த ஜவுளிக்கடைக்காரருடையது, அது மட்டும் 2,00,000. மிஞ்சியது 8,58,000; 77 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரே ஒரு மனிதர் பின்வாங்கியதில் ஏழு புள்ளிக்கு மேல் இடைவெளி விழுந்துவிட்டது. அவர் கட்டும் சக்திக்கு மேல் போட்டுக்கொண்டாரா, அல்லது முதல் பிரீமியத்தில் உன் கமிஷனிலிருந்து ஏதாவது திருப்பிக் கேட்டாரா என்று நேர்காணலில் நிச்சயம் கேட்பார்கள். பின்னது காப்பீட்டுச் சட்டத்தின் 41ஆம் பிரிவின்படி தடைசெய்யப்பட்டது என்பது உனக்குத் தெரியும். அப்படி இழுத்த வாடிக்கையாளர்கள்தான் இரண்டாம் பிரீமியத்துக்கு வருவதில்லை என்பது அவர்களுக்கும் தெரியும். ஆகவே நீ அவருக்கு வருமானக் கணக்குப் பார்க்காமல் எழுதியதுதான் காரணம் என்றால், அதை நேராகச் சொல்லிவிடு. ஆள் பழக்கும் வேலைக்கு வருகிறவனுக்கு அந்தத் தவறு ஒரு தகுதியாகவே அமையும்.

2018–19இல் விற்ற 52 தவணைப் பாலிசிகளில் இன்று 31 நடப்பில் உள்ளன. 61ஆம் மாதக் கணக்கு ஏறத்தாழ 60 சதவீதம். இடையில் 2020ஆம் ஆண்டின் ஊரடங்கு வந்தது. உன் ஆட்களில் பாதிப்பேர் தினக்கூலிக்காரர்களும் சிறு கடைக்காரர்களும். இதை மறைக்காமல் ஒரே வரியில் எழுதிவிடலாம். 92 என்று மொட்டையாகப் போடுவதைவிட, ‘13ஆம் மாதம்: எண்ணிக்கையில் 84, பிரீமியத்தில் 77, 61ஆம் மாதம்: எண்ணிக்கையில் 60’ என்று காலத்தோடு எழுதினால், தெரிந்தவர் படித்ததும் நிமிர்ந்து உட்காருவார். 92ஐ விட மனமில்லையென்றால் ‘நடப்பு ஆண்டு டியூ வசூல்’ என்று அதன் சரியான பெயரில் கீழே வைத்துக்கொள்.

612 என்பதும் இப்படித்தான். முதிர்ந்தவை, இறப்புக் கோரிக்கை முடிந்தவை, பாதியில் முடித்துப் பணம் வாங்கிச் சரண்டர் ஆனவை, காலாவதியானவை எல்லாம் போக இன்று நடப்பில் 340. இரண்டு எண்களையும் அருகருகே போடு.

வாடிக்கையாளர் பகுதிதான் எனக்கு மிகவும் உறுத்தியது. ‘600 வாடிக்கையாளர்கள்’ என்கிறாய். 340 பாலிசிகளும் 214 பேருடையவை, அந்த 214 பேரும் சுமார் 130 குடும்பங்கள் என்று நீயே சொன்னாய். குடும்ப எண்ணிக்கையை எழுது. ஒரே வீட்டில் இரண்டாவது, மூன்றாவது பாலிசி எத்தனை வீடுகளில் கிடைத்தது என்று எழுது. நீ உடனிருந்து முடித்துக் கொடுத்த 11 இறப்புக் கோரிக்கைகளை எழுது. பெயரும் கைபேசி எண்ணும் கொண்ட அந்த இணைப்புப் பட்டியலை மட்டும் தயவுசெய்து கிழித்துப் போடு. ஒருமுறை ஒருவர் இப்படி நான்கு பக்கப் பட்டியலை என் முன்னே வைத்து, ‘இவர்கள் எல்லாரும் என்னோடு வருவார்கள் சார்’ என்றார். பழைய பாலிசியைச் சரண்டர் செய்ய வைத்துப் புதியது எழுதப்போகிறார் என்றுதான் எனக்குப் பட்டது. தாளைத் தொடாமலே அவர் பக்கம் தள்ளிவிட்டேன்.

கடைசியாக உரிம விவரம். ‘லைசென்ஸ் 2018 வரை செல்லும்’ என்ற வரி, கவனிக்காதவர் கண்ணில் காலாவதியான ஆள் என்று காட்டும். 2009இல் நீ வாங்கியது ஒழுங்குமுறை ஆணையம் தந்த மூன்றாண்டு உரிமம். 2012லும் 2015லும் புதுப்பித்தாய். 2015ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு முகவரை நியமிப்பது நிறுவனத்தின் பொறுப்பாகிவிட்டது. அதன்பின் நியமனக் கடிதமும் ஏஜென்சி கோடும்தான் கணக்கு. ஆகவே முதல் உரிமம் பெற்ற ஆண்டு, தேர்ச்சி பெற்ற தேர்வு, ஏஜென்சி கோடு, இடைவெளியில்லாமல் இன்றுவரை நடப்பில் இருப்பது ஆகிய நான்கையும் இரண்டு வரியில் எழுது. பான் எண்ணையும் ஆதாரையும் எடுத்துவிடு. கேட்கும்போது கொடுத்தால் போதும். ஊழியராகச் சேர்ந்தால் ஏஜென்சியை ஒப்படைக்க வேண்டியிருக்கும். அதற்குப் பிறகு உன் ரின்யூவல் கமிஷன் என்ன ஆகும் என்பதை உன் ஒப்பந்தத்தில் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு.

2021–22 நோட்டையும் படம் எடுத்து அனுப்பு. 25ஆம் மாதக் கணக்கையும் போட்டு, திருத்திய ரெஸ்யூமோடு ஞாயிறுக்குள் அனுப்பிவிடுகிறேன். வீட்டில் அனைவரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்