படம் காணாமல் போன அலைப்பின்னல் குறிப்பு: புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: ஸ்கார்ஃப் பின்னல் கிட்டின் செய்முறைக் குறிப்பில் உள்ள பிழை

வணக்கம்.

உங்களிடம் ஸ்கார்ஃப் கிட் ஒன்று வாங்கினேன். அலை அலையாக, ஓட்டைகளோடு வரும் ஷெட்லாந்து தீவுப் பின்னல் அது. செயலியில் இருந்த படத்தைப் பார்த்தே நான்கு அங்குலம் பின்னிவிட்டேன். போன வாரம் திறந்தால் படம் இருந்த இடத்தில் வெறும் சாம்பல் நிறக் கட்டம். எழுத்துக் குறிப்பு மட்டும் மிச்சம். சரி, அதை வைத்தே தொடரலாம் என்று பார்த்தால், குறிப்பே தவறாக இருக்கிறது.

மூன்றாம் வரிசைக்கு நீங்கள் எழுதியிருப்பது: 'இரண்டு கண்ணிகளைச் சேர்த்து நிட், 3 முறை, நூலை ஊசியில் சுற்றி ஒரு நிட், 6 முறை, கடைசி வரை இதையே திரும்பச் செய்யவும்.' 54 கண்ணிகளோடு தொடங்கினேன், வரிசை முடிவில் 63 இருந்தன. மூன்று முறை எண்ணிப் பார்த்தேன், என் கை தவறவில்லை. நூலைச் சுற்றும்போது ஆறு கண்ணிகள் கூடுகின்றன, சேர்த்துப் பின்னும்போது மூன்றுதான் குறைகின்றன. அப்புறம் எப்படி எண்ணிக்கை நிற்கும்?

முன்பு பின்னிய துண்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. ஒவ்வொரு மேட்டிலும் ஆறு ஓட்டைகள். இரண்டு மேடுகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் ஆறு சேர்ப்புகள் ஒட்டி நிற்கின்றன. அதாவது ஒரு மேட்டின் இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று. அந்தக் கடைசி மூன்றுதான் உங்கள் குறிப்பில் விடுபட்டிருக்கிறது.

சரியான குறிப்பு இதுதான். கண்ணிகள் 18இன் மடங்கில் இருக்க வேண்டும். முதல் வரிசை முழுவதும் நிட், இரண்டாவது முழுவதும் பர்ல். மூன்றாவதில் இரண்டைச் சேர்த்து நிட் 3 முறை, நூல் சுற்றி ஒரு நிட் 6 முறை, மறுபடி இரண்டைச் சேர்த்து நிட் 3 முறை. இந்த 18 கண்ணிகளையும் கடைசி வரை திரும்பப் பின்ன வேண்டும். நான்காவது முழுவதும் நிட். இந்த நான்கு வரிசைகளே திரும்பத் திரும்ப வரும்.

நான்காம் வரிசைக்கு ஒரு விளக்கமும் சேர்க்க வேண்டும். அது பின்பக்க வரிசை. அங்கே நிட் போட்டால்தான் முன்பக்கத்தில் மேடான கோடு விழும். இதே கிட் வாங்கிய என் தோழி, இரண்டாம் வரிசை பர்ல் என்பதால் இதுவும் பர்லாகத்தான் இருக்கும், அச்சுப்பிழை என்று நினைத்து மாற்றிப் பின்னிவிட்டாள். கோடே வரவில்லை. படம் இருந்திருந்தால் பார்த்ததும் தெரிந்திருக்கும்.

இந்த நூல் மெல்லிய மொஹேர். பிரித்தால் மயிரிழைகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. இரண்டு தடவை பிரித்ததில் ஒரு பந்து சிலும்பிப் பாழாகிவிட்டது. ஆகவே படத்தை மறுபடி போடுங்கள், குறிப்பைத் திருத்துங்கள், இந்த கிட்டை வாங்கிய எல்லோருக்கும் திருத்தத்தைச் செய்தியாக அனுப்புங்கள். பாழான பந்துக்குப் பதிலாக அதே சாயத் தொகுதியில் ஒன்று வேண்டும். வேறு தொகுதி என்றால் நிறம் வரிசையில் தனியாகத் தெரியும்.

பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்