தொடை அட்டவணை: அடக்டர் மேக்னஸ் வரியைத் திருத்திக்கொள்ளுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். டிசெக்‌ஷன் வகுப்புக் குறிப்புகளை வைத்துத் தொடையின் உள்பக்கத் தசைகளுக்கான அட்டவணையை முடித்துவிட்டேன். அதில் ஒரு திருத்தம். நேற்று அனுப்பிய பிரதியில் அடக்டர் மேக்னஸுக்கு ஒரே வரி, நரம்புக் கட்டத்தில் ஆப்டுரேட்டர் மட்டும் இருந்தது. அது பாதிதான் சரி. இந்தத் தசைக்கு இரண்டு பகுதிகள், அதனால் இரண்டு வரிகள் வேண்டும்.

அடக்டர் பகுதி இஸ்கியோபியூபிக் ரேமஸில் தொடங்கி, விசிறி போல விரிந்து லீனியா ஆஸ்பெராவில் சேர்கிறது. நரம்பு, ஆப்டுரேட்டரின் பின்கிளை. அடக்டர் பிரெவிஸை விலக்கியதும் மேக்னஸின் மேல் படிந்து கிடந்ததே, அதுதான். தொடையை உள்பக்கம் இழுப்பது இதன் வேலை.

ஹாம்ஸ்ட்ரிங் பகுதி இஸ்கியல் டியூபராசிட்டியிலிருந்து நேராக இறங்கி, அடக்டர் டியூபர்க்கிளில் கயிறு போன்ற தசைநாணாக முடிகிறது. நரம்பு, சியாட்டிக்கின் டிபியல் பகுதி. இடுப்பு மூட்டில் தொடையைப் பின்னால் நீட்டும். பெயரைப் பார்த்து, முழங்காலை மடக்கும் என்றும் எழுதிவிடாதீர்கள். இந்தத் தசைநாண் தொடை எலும்பிலேயே நின்றுவிடுகிறது, முழங்காலைத் தாண்டுவதில்லை.

அப்புறம், இந்த இரண்டு பகுதிகளும் எலும்பில் சேரும் இடங்களுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி ஒன்று இருந்தது. அது அடக்டர் ஹையேட்டஸ். ஃபெமரல் தமனி அதன் வழியாகப் பின்னால் போய்த்தான் பாப்லிட்டியல் ஆகிறது. வைவாவுக்கு இதையும் இன்சர்ஷன் கட்டத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். பழைய பிரதியை அழித்துவிடுங்கள்.