முதல் திருவந்தாதி ஒலிப்பதிவு: துணை நின்றவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

பொய்கையாழ்வார் அருளிய முதல் திருவந்தாதியின் 100 வெண்பாக்களையும் நிதானமாக வாசித்துப் பதிவு செய்யும் பணி நிறைவுற்றிருக்கிறது. கண்ணால் படிக்க இயலாதவர்களும், புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கூடவே சொல்லிப் பழக விரும்புகிறவர்களும் காதால் கேட்டே ஒவ்வொரு சொல்லையும் பிரித்தறிய வேண்டும் என்பதே நோக்கம். திவ்வியப் பிரபந்தத்தில் இவை இடம்பெறும் பகுதியான இயற்பா என்ற பெயருக்கு ஏற்ப இவை பண்ணோடு பாடப்படாமல் இயலாகச் சொல்லப்படுகிறவை. ஆகவே இசையின் துணை இல்லாமல் வாசிப்பு மட்டுமே பொருளைச் சுமக்க வேண்டியிருந்தது. அது எவ்வளவு கடினம் என்பதை முதற்பாட்டிலேயே உணர்ந்தேன். அங்கே எனக்குக் கை கொடுத்தவர்களுக்காகவே இந்த மடல்.

முதல் நன்றி, பார்வையற்ற நண்பர் ஒருவருக்கு. எந்தப் பாட்டையும் முன்கூட்டி விளக்காமல் பதிவை மட்டும் அவருக்கு அனுப்புவேன். காதில் விழுந்தபடியே அவர் திருப்பிச் சொல்லுவார். முதற்பாட்டை அச்சில் இருந்தவாறே, சீர் சீராக நிறுத்தி, வரி முடியும் இடத்திலெல்லாம் மூச்சு விட்டு வாசித்திருந்தேன்.

வையம் தகளியா வார்கடலே நெய்யாக
வெய்ய கதிரோன் விளக்காக – செய்ய
சுடராழி யானடிக்கே சூட்டினேன்சொன் மாலை
இடராழி நீங்குகவே என்று

அவர் திருப்பிச் சொன்னபோது மூன்று இடங்கள் மாறிப்போயிருந்தன. ‘விளக்காகச் செய்ய’ என்று கேட்டதாகவும், ‘யான் அடிக்கே சூட்டினேன்’ என்று கேட்டதாகவும், கடைசியில் ‘மாலை’ என்பது திருமாலைக் குறிப்பதாகத் தோன்றியதாகவும் சொன்னார். ஒன்றுகூட அவருடைய செவியின் பிழை அன்று. ‘செய்ய’ என்பது சிவந்த என்னும் பொருளில் அடுத்த அடியின் சுடராழியைச் சேர்ந்தது. அதை இரண்டாம் அடியின் முடிவில் தனியே நிறுத்தினால் முன்னுள்ள விளக்கோடு ஒட்டிக்கொள்கிறது. ‘ஆழியான்’ என்ற சொல் சீர்பிரிப்பில் இரண்டாக உடைந்து, பின்பாதி ‘யான்’ என்று தன்மைப் பெயராக ஒலிக்கிறது. அடுத்து ‘சூட்டினேன்’ என்று தன்மை வினையே வருவதால் கேட்பவருக்கு ஐயமே எழாது. ‘சொன்மாலை’ உடைந்ததும் இதே முறையில்தான். தவறு தவறாகவே ஒலித்திருந்தால் நானே பிடித்திருப்பேன்; இங்கே தவறும் ஒரு பொருளைத் தந்துவிடுகிறது.

இதற்கு வழி காட்டியவர், சந்தை என்னும், ஆசான் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லிக் கற்கும் முறையில் சிறு வயதிலிருந்தே பழகிய பெரியவர் ஒருவர். அவர் ஓர் அடியைச் சொல்ல, நான் அதை இருமுறை திருப்பிச் சொல்ல, இப்படியே பல மாலைகள் எனக்காக உட்கார்ந்தார். இரண்டாம் அடியின் கடைசியில் வரும் தனிச்சொல்லுக்கு முன்னே அச்சிடப்படும் கோட்டில்தான் நிற்க வேண்டும், தனிச்சொல்லுக்குப் பின்னே நிற்கலாகாது என்று அவர் சொன்னதைக் கடைப்பிடித்தவுடன் ‘செய்ய சுடராழியான் அடிக்கே’ ஒரே மூச்சில் வந்தது. நிறுத்தம் பொருளுக்கு, ஓசை யாப்புக்கு என்று நாங்கள் வகுத்துக்கொண்டோம். சொற்களைப் பிரித்துக் காட்டுவதற்காக ‘சொல் மாலை’ என்று புணர்ச்சியைக் கலைத்து வாசிக்கவில்லை. ‘சொன்மாலை’ என்ற புணர்ந்த வடிவத்தையே, நடுவில் இடைவெளி விடாமல், முன்னுள்ள ‘சூட்டினேன்’ என்பதற்குப் பிறகு ஒரு சிறு நிறுத்தம் கொடுத்து வாசித்தேன். சீர்கள் பதினைந்தும் தம் அளவில் அப்படியே இருந்தன, சொல்லும் உடையவில்லை.

நிதானம் என்பதை நான் முதலில் புரிந்துகொண்ட விதமும் தவறாக இருந்தது. அதைத் திருத்தியவர் ஒரு தமிழாசிரியை. முதல் நாள் பதிவான பன்னிரண்டு பாடல்களைக் கேட்டுவிட்டு, நான் வேகத்தைக் குறைப்பதாக எண்ணிக் குறில்களை இழுக்கிறேன் என்றார். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்ற விகிதம் குலைந்தால் ‘அடிக்கே’ ‘ஆடிக்கே’ என்று கேட்கும். ‘வெய்ய’, ‘செய்ய’ என்பவற்றின் இரட்டை யகரம் தளர்ந்து எதுகையே காணாமற்போகும். எழுத்தை இழுக்காமல் சொல்லுக்கும் சொல்லுக்கும் இடையிலும், அடிகளுக்கு இடையிலும்தான் நேரத்தைக் கூட்ட வேண்டும் என்று அவர் சொன்னபடி அந்தப் பன்னிரண்டையும் மறுபடி பதிவு செய்தேன். ழகரத்தையும் அவரே காவல் காத்தார். இப்பாட்டில் ‘சுடராழி’யில் உள்ள ஆழி சக்கரம், ‘இடராழி’யில் உள்ள ஆழி கடல், இரண்டும் ஒரே ஒலியாகத் தெளிவாக விழுந்தால்தான் அந்த இணைப்பின் அழகு காதுக்கு எட்டும். நாக்கு களைத்தவுடன் முதலில் தளர்வது ழகரமே என்பதைக் கண்டு, முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஒரே அமர்வில் வாசிப்பதை நிறுத்திவிட்டேன்.

ஒலிப்பதிவைப் பார்த்துக்கொண்ட தம்பிக்கு நான் பட்ட கடன் பெரிது. மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில், நேர் எதிரே வைக்காமல் சற்றே பக்கவாட்டில் வைத்தமையால் பகரத்தில் காற்று மோதும் ஓசை நின்றது. ஒவ்வொரு நாளும் யாரும் பேசாமல் அறையின் அமைதியை மட்டும் முப்பது விநாடி பதிவு செய்து, பாடல்களுக்கு இடையிலான இடைவெளிகளை அதைக் கொண்டே நிரப்பினார். ஒலியே இல்லாத வெற்றிடமாக விட்டால், கேட்பவர்கள் பதிவு நின்றுவிட்டது என்று எண்ணிவிடுவார்கள்.

அந்தாதியின் கண்ணியில் நேர்ந்த சிக்கலைக் கண்டுபிடித்தவரும் அவரே. முதற்பாட்டு ‘என்று’ என முடிகிறது. அடுத்த பாட்டு ‘என்று கடல்கடைந்தது எவ்வுலகம் நீரேற்றது’ எனத் தொடங்குகிறது. எழுத்தும் ஒலியும் ஒன்றே. ஆனால் முன்னது ‘நீங்குகவே’ என்ற வேண்டுதலை முடித்துவைக்கும் சொல். பின்னது ‘எந்நாள்’ எனக் கேட்கும் வினா. முன்னதில் குரல் தாழ்ந்து அமைய வேண்டும், பின்னதில் சற்றே எழ வேண்டும். மறுபதிவில் நான் முதற்பாட்டை ஒரு நாளும், இரண்டாம் பாட்டை வேறொரு நாளும் பதிவு செய்திருந்ததால், வினாவின் எழுச்சி போதாதது மட்டுமல்லாமல் குரலின் சுருதியே மாறி, இரண்டு பேர் வாசித்ததுபோல் ஒலித்தது. அதன்பின் ஒவ்வோர் அமர்வின் தொடக்கத்திலும் முந்தைய நாளின் கடைசிப் பாட்டைக் கேட்டு, அதையே ஒருமுறை உரக்கச் சொல்லி, அந்தச் சுருதியிலேயே அடுத்த பாட்டைத் தொடங்கினேன். இதை வற்புறுத்தியதற்காக அவருக்குத் தனியே ஒரு நன்றி.

பதிவு நடந்த நாட்களில் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் புழுக்கத்தைப் பொறுத்துக்கொண்ட என் வீட்டாருக்கும் நன்றி. பாட்டுக்கு ஏறத்தாழ 24 விநாடி, இடைவெளி 4 விநாடி என, முழுப் பதிவும் 47 நிமிடம் அளவில் வந்திருக்கிறது. ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாகவும் வைத்திருக்கிறோம்.

திருத்திய முதற்பாட்டை நண்பருக்கு மறுபடி அனுப்பியபோது, அவர் கோட்டருகே நின்று, ‘செய்ய சுடராழியான் அடிக்கே’ என்று ஒரே மூச்சில் திருப்பிச் சொன்னார். பிறகு, பொருள் சொல்லித் தருமாறு கேட்காமல், இரண்டாம் பாட்டை அனுப்பச் சொன்னார்.

நன்றியுடனும் வணக்கத்துடனும்,
வாசித்தவன்